குழாய் கேஸா, சிலிண்டரா? கசிந்தால் எது எங்கே போகும்?

ஐந்தாம்மாடி | 3 ஜூன், இரவு 9.40

சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. தெருவில் ஆரஞ்சு நிறக் குழாய் புதைத்து முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு இயற்கை எரிவாயு இணைப்பு வேண்டுமா என்று கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். விலையைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அது எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். "குழாய் கேஸ் காற்றைவிட இலேசானது, கசிந்தாலும் பறந்துவிடும், சிலிண்டர் கேஸ் கனமானது, தரையில் தங்கி வெடிக்கும்" என்று படிவம் கொண்டுவந்த இளைஞர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு சுலபமா விஷயம்? எடை என்ற ஒன்றை வைத்து எது பாதுகாப்பானது என்று முடிவு செய்யலாமா?

சமையற்கட்டு | 3 ஜூன், இரவு 10.05

எடை பற்றிக் கேட்டீர்களே, நல்லது. சிலிண்டரின் எடையை நம்பவே கூடாது. மேல் வளையத்துக்குக் கீழே காலி எடை பொறித்திருக்கும், பெரும்பாலும் 15 கிலோவிலிருந்து 16 கிலோ வரை. அதோடு 14.2 கிலோவைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொண்டுவருபவரிடம் தராசு இருக்க வேண்டும், கேட்டால் நிறுத்துக் காட்ட வேண்டும். நான் கேட்ட பிறகுதான் எங்கள் தெருவில் தராசே வந்தது. இரண்டு மாதம் வர வேண்டிய சிலிண்டர் ஐந்து வாரத்தில் தீர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

ஐந்தாம்மாடி | 3 ஜூன், இரவு 10.20

அம்மா, நான் கேட்டது காற்றோடு ஒப்பிட்டால் கேஸ் கனமா இலேசா என்பதை. ஆனாலும் தராசு விஷயத்தைக் குறித்துக்கொண்டேன்.

சமையற்கட்டு | 3 ஜூன், இரவு 10.31

அதுவும் எடைதானே. முழுச் சிலிண்டர் 30 கிலோ. மின்தூக்கி நின்றுபோன நாளில் ஐந்தாவது மாடிக்கு அதை யார் தூக்குவது? எனக்கு முழங்கால் போனதே அப்படித்தான். குழாய் வந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். வெடிப்பதைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.

காற்றுவாக்கில் | 4 ஜூன், காலை 7.15

அந்த இளைஞர் சொன்னது சரிதான். இயற்கை எரிவாயு என்பது ஏறத்தாழ முழுக்க மீத்தேன். காற்றின் எடையில் பாதிக்குச் சற்று மேல். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும், காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு கனம். மேலும் சிலிண்டர் கேஸ் காற்றில் 2 விழுக்காடு கலந்தாலே பற்றும். மீத்தேனுக்கு 5 விழுக்காடு வேண்டும். ஆக, குழாய் கேஸ் இரண்டரை மடங்கு பாதுகாப்பு. ஜன்னல் திறந்திருந்தால் வெடிக்கவே வாய்ப்பில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வால்வு | 4 ஜூன், காலை 8.50

குஜராத்தில் குழாய் கேஸ் பராமரிப்பில் பல வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மேலே சொன்ன எண்கள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை.

இரண்டரை மடங்குக் கணக்கை முதலில் பார்ப்போம். ஒரே அளவு வெப்பம் தர, மீத்தேன் சிலிண்டர் கேஸைவிடக் கன அளவில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம் வெளியே வர வேண்டும். அதனால்தான் குழாய் கேஸ் அடுப்பின் ஜெட்டில் துளை பெரியது. அணைந்துபோன பர்னர் திறந்தே கிடந்தால் குழாய் கேஸ் இரண்டரை மடங்கு வேகமாக அறைக்குள் வரும். பற்றுவதற்கு இரண்டரை மடங்கு அதிகம் தேவை, வருவதும் இரண்டரை மடங்கு அதிகம். ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது.

வெடிக்கவே வாய்ப்பில்லை என்பதற்கு ஒரு பதில் போதும். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அது இயற்கை எரிவாயு. கட்டடத்துக்கு அடியிலிருந்த வெற்றிடத்தில் கசிந்து நிரம்பியிருந்தது. அப்போது அதில் மணம் சேர்க்கும் வழக்கம் இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. இலேசான வாயு மேலே போகும் என்பது உண்மை. மேலே போக வழி இருக்க வேண்டும் என்பதும் உண்மை.

ஐந்தாம்மாடி | 4 ஜூன், இரவு 9.10

வால்வு ஐயா சொன்னதை வைத்து என் சமையலறைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 800 கன அடி, அதாவது 22.6 கன மீட்டர்.

அடுப்பில் பால் பொங்கி பர்னர் அணைந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர பர்னர் மணிக்கு 150 கிராம் சிலிண்டர் கேஸ் எரிக்கும். ஆவியான பின் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2 கிலோ. அறை முழுக்க 2 விழுக்காடு சீராகக் கலக்க 900 கிராம் வேண்டும், அதாவது 6 மணி நேரம். ஆனால் கனமான வாயு சீராகக் கலக்காமல் தரையோடு ஓர் அடி உயரத்தில் மட்டும் தங்கினால்? அந்த அடுக்கு 2.26 கன மீட்டர். அதில் 2 விழுக்காட்டுக்கு 90 கிராம் போதும். 36 நிமிடம்.

குழாய் கேஸில் அதே பர்னருக்கு மணிக்கு சுமார் 0.2 கன மீட்டர். கூரையோடு ஓர் அடி அடுக்கில் 5 விழுக்காட்டுக்கு 0.113 கன மீட்டர். 34 நிமிடம்!

எண்ணைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். அரை மணி நேரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அப்படியென்றால் இலேசு, கனம் என்ற பேச்சுக்கே பொருள் இல்லையா?

காற்றுவாக்கில் | 4 ஜூன், இரவு 9.32

உங்கள் சமையலறையில் கூரையோடு ஓர் அடிக்கு ஜன்னலே இல்லையா?

ஐந்தாம்மாடி | 4 ஜூன், இரவு 9.35

எக்ஸாஸ்ட் பேன் இருக்கும் ஓட்டை ஒன்று இருக்கிறது. சிட்டுக்குருவி வருகிறது என்று அட்டை வைத்து அடைத்திருக்கிறோம்.

வால்வு | 5 ஜூன், காலை 6.40

முதலில் அந்த அட்டையை எடுங்கள். குருவிக்குக் கம்பி வலை போதும்.

கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வாயு அளவுகோல் வைத்து ஓர் அடியில் நிற்காது. பர்னரிலிருந்து வேகத்தோடு வரும்போதே காற்றோடு கொஞ்சம் கலந்துவிடும். ஆள் நடந்தால், மின்விசிறி சுற்றினால் இன்னும் கலக்கும். ஆகவே 36 நிமிடம், 34 நிமிடம் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டும் ஒரே தரத்து ஆபத்து என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடைக்குப் பொருள் இல்லையா என்று கேட்டீர்கள். நிறையப் பொருள் இருக்கிறது, ஆனால் அது நேரத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். காற்றுப் போக வைத்த வழி எல்லாம் மேலே: எக்ஸாஸ்ட் ஓட்டை, ஜன்னலுக்கு மேல் கண்ணாடிப் பட்டை. குழாய் கேஸ் அந்த வழியாகத் தானே போய்விடும், யாரும் தள்ள வேண்டியதில்லை. சிலிண்டர் கேஸுக்கு அந்த ஓட்டையால் பயனில்லை. அது மேடைக்குக் கீழே இறங்கி, கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குப் போகும், தண்ணீர் போகும் சாக்கடைத் துளைக்குள் இறங்கும், தரைக்குக் கீழே அறை இருந்தால் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். கூடத்தில் தரையில் என்ன இருக்கிறது? குளிர்சாதனப் பெட்டியின் அடியில் தானே இயங்கி நிற்கும் மோட்டார். பூஜை மூலையில் குத்துவிளக்கு. சமையலறையில் கசிந்து கூடத்தில் பற்றிய கதைகள் இப்படித்தான் நடக்கின்றன.

ஆகவே மேலே திறப்பு உள்ள வீட்டில் குழாய் கேஸ் கண்டிப்பாக மேல். மேலே அடைத்த வீட்டில் அந்த மேன்மை போய்விடும்.

வெள்ளவத்தை | 5 ஜூன், மதியம் 1.20

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் குழாய் கிடையாது, 12.5 கிலோ சிலிண்டர்தான். 2021 கடைசியில் இங்கே வீடுகளில் தொடர்ச்சியாக காஸ் வெடிப்புகள் நடந்தன. அடுப்புக் கண்ணாடி சிதறியது, ரெகுலேட்டர் பக்கம் தீப்பிடித்தது என்று நாளுக்கு நாள் செய்தி. சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் விகிதத்தை மாற்றியதுதான் காரணம் என்று பெரிய சர்ச்சை. பக்கத்து வீட்டு அக்கா அந்த மாதங்களில் சிலிண்டரை முற்றத்தில் வைத்து, சமைக்கும் நேரம் மட்டும் திறப்பார். நான் கேட்பது, கலவை மாறினால் அப்படி என்ன ஆகும்?

வால்வு | 5 ஜூன், இரவு 8.15

அழுத்தம் மாறும். 30 டிகிரி வெயிலில் சுத்த பியூட்டேன் சிலிண்டருக்குள் தரும் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல மூன்று மடங்குக்குள். சுத்த புரொப்பேன் பத்து மடங்கைத் தாண்டும். புரொப்பேன் பங்கைக் கூட்டினால் ரெகுலேட்டரும், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையமும், டியூபும் கூடுதல் அழுத்தத்துக்கு முகம் கொடுக்க வேண்டும். நல்லவை தாங்கும். தேய்ந்தவை கசியும். கொழும்பு வீடுகளில் என்ன நடந்தது என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதிலிருந்து நம் கேள்விக்கு வேண்டிய ஒன்று கிடைக்கிறது. குழாய் கேஸ் வீட்டுக்குள் வரும்போது 21 மில்லிபார். 21 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவே. சிலிண்டரிலும் ரெகுலேட்டருக்குப் பிறகு சுமார் 30 சென்டிமீட்டர்தான், பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ரெகுலேட்டருக்கு முன்னால், சிலிண்டருக்குள், நம் ஊர் வெயிலில் 50, 60 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் இருக்கிறது. டியூபில் விரிசல் என்றால் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. சிலிண்டரின் வால்வில் கசிவு என்றால் அதற்கு ஈடான ஒன்று குழாய் கேஸ் வீட்டில் கிடையாது. பெரிய வேறுபாடு இதுதான், காற்றைவிடக் கனம் என்பது அதற்குப் பிறகுதான்.

சமையற்கட்டு | 5 ஜூன், இரவு 8.44

வால்வு கசிவு எனக்கு நடந்திருக்கிறது. புதுச் சிலிண்டரின் மூடியைத் திறந்ததும் உஸ் என்று சீறியது. பிடித்து நிறுத்தியது அந்த நைலான் நூலில் தொங்கும் பிளாஸ்டிக் மூடிதான். அதையே திரும்ப அழுத்தி மாட்டினேன், நின்றுவிட்டது. பிறகு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு 1906-க்கு அழைத்தோம். என் மருமகள் வீட்டில் அந்த நூலைக் கத்தரித்து மூடியைக் குப்பையில் போட்டிருக்கிறாள். கேட்டால், அழகாக இல்லையாம்.

வால்வு | 5 ஜூன், இரவு 9.02

அம்மாவுக்கு ஒரு சல்யூட். அந்த மூடியை வெறும் தூசி மூடி என்று நினைப்பவர்களே அதிகம். வால்வுக்குள் இருக்கும் ஊசி சரியாக உட்காராதபோது, அல்லது ரப்பர் வளையம் போனபோது, வீட்டில் இருப்பவர் கையில் உள்ள ஒரே தடை அதுதான். இதில் தீ எரியாமல் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஏற்கெனவே பற்றிவிட்டால் மூடி தேட வேண்டாம், வெளியே போங்கள்.

சிலிண்டர் வந்ததும் மூடியைத் திறந்து, வால்வின் வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். கொண்டுவந்தவர் படியிறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் இது.

மாட்டுங்கா | 6 ஜூன், காலை 10.30

மும்பைக்காரன். எங்கள் வீட்டில் குழாய் கேஸ் வந்து தலைமுறையே மாறிவிட்டது. மூன்று விஷயம் சொல்கிறேன்.

குழாய் கேஸிலும் செப்புக் குழாய் முடிந்து அடுப்புக்குப் போகும் கடைசி ஒன்றரை மீட்டர் ரப்பர் டியூப்தான். எங்கள் வீட்டில் எலி கடித்தது அதைத்தான். சிலிண்டர் போனதும் டியூப் பிரச்சினையும் போனது என்று நினைக்காதீர்கள். கம்பி வலை உள்ளே வைத்த ஆரஞ்சு டியூபைப் போட்டு, அதன் மேல் அச்சிட்ட தேதியைப் பார்த்து ஐந்து வருடத்துக்குள் மாற்றுங்கள்.

இரண்டாவது, என் தங்கை மும்பையிலிருந்து கோயம்புத்தூர் போனபோது அடுப்பையும் கொண்டுபோனாள். அங்கே சிலிண்டர். துளை பெரிய ஜெட்டில் சிலிண்டர் கேஸ் போனதும் மஞ்சள் சுவாலை மேலே எழுந்து பாத்திரமெல்லாம் கரி. நல்லவேளை, உடனே மூடிவிட்டாள். மாறும்போது ஜெட்டை மாற்றாமல் பற்ற வைக்கக் கூடாது.

மூன்றாவது, கேஸ் கீசர். குளியலறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதில் கசிவைவிடப் பெரிய எமன் கார்பன் மோனாக்சைடு. எந்த கேஸ் என்றாலும் அதே கதிதான். அதற்கு மணமும் கிடையாது.

காற்றுவாக்கில் | 6 ஜூன், காலை 11.05

கேஸ் அடுப்பைப் பற்றிக் கேட்டால் கீசருக்குப் போய்விட்டோம். சரி, மீட்டருக்கு முன்னால் தெருக் குழாய் வெடித்தால்? 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவில் நகரம் என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்களே. இதை ஏன் யாரும் பேசவில்லை?

வால்வு | 6 ஜூன், மாலை 5.20

அது ஊர் விட்டு ஊர் போகும் பெருங்குழாய், மிக உயர்ந்த அழுத்தம். உங்கள் தெருவில் இருப்பது அதல்ல. உங்கள் தெருவில் பயப்பட வேண்டியது மண்வாரி இயந்திரத்துக்கு. மழைநீர் வடிகால் வேலை, மின்கம்பி வேலை என்று தோண்டுபவர்கள் குழாயைக் கிழித்துவிடுவார்கள். பெரும்பாலும் வெட்டவெளியில் சீறிப் போய்விடும். மண்ணுக்குள்ளேயே கசிந்தால்தான் வில்லங்கம், பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளத்தில் புகுந்து மேலே வரும். மண் வழியே வரும்போது மணம் குறைந்துவிடவும் கூடும். சிலிண்டர் வீட்டில் இல்லாத ஆபத்து இது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் தெருவில் தோண்டுகிறார்கள் என்று தெரிந்தால் கேஸ் நிறுவனத்துக்கு ஒரு போன் போடுங்கள், அவர்கள் ஆள் வந்து நிற்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலிண்டரில் 14.2 கிலோ தீர்ந்தால் கசிவும் தீர்ந்தது. குழாயில் யாராவது வால்வை மூடும்வரை வந்துகொண்டே இருக்கும். அதனால் அடுப்புக்கு அருகில் ஒரு வால்வு, மீட்டரில் ஒரு வால்வு, கட்டடத்துக்குக் கீழே ஒன்று இருக்கும். இந்த மூன்றும் எங்கே என்று வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அலமாரி செய்யும் ஆசாரி அவற்றை மூடிப் பலகை அடித்துவிடுவார். எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன், வால்வைத் தொட ஸ்க்ரூ டிரைவர் வேண்டும்.

பெருங்களத்தூர் புதியவர் | 7 ஜூன், காலை 9.00

எங்கள் அடுக்குமாடியில் ஏற்கெனவே குழாய் கேஸ்தான், மூன்று வருடமாக. எந்தப் பிரச்சினையும் இல்லை. அலாரம்கூட நானே வாங்கிக் கூரையோடு மாட்டியிருக்கிறேன், இயற்கை எரிவாயு மேலேதானே போகும். தைரியமாக மாறுங்கள்.

வால்வு | 7 ஜூன், காலை 9.25

உங்கள் வளாகத்தில் கீழ்த்தளத்தின் ஓரமாகப் பூட்டிய கம்பிக் கூண்டு இருக்கிறதா? உள்ளே பெரிய சிலிண்டர்கள் வரிசையாக?

பெருங்களத்தூர் புதியவர் | 7 ஜூன், காலை 9.48

இருக்கிறது. லாரியில் வந்து மாற்றுவார்கள். அது ஜெனரேட்டருக்கு என்று நினைத்திருந்தேன்.

வால்வு | 7 ஜூன், காலை 10.10

அது உங்கள் அடுப்புக்கு. குழாயில் வருவதும் சிலிண்டர் கேஸ்தான், தரையில் இறங்கும் அதே கேஸ். மீட்டரும் இருக்கும், பில்லும் வரும், ஆனால் இயற்கை எரிவாயு இல்லை. அந்த அலாரம் கூரையில் இருக்கும்வரை கசிவு உங்கள் கணுக்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி அங்கே போய்ச் சேரக் காத்திருக்கும். இன்றே கழற்றித் தரையிலிருந்து ஓர் அடிக்குள் மாட்டுங்கள். மாட்டும் முன் பின்புறம் எந்த வாயுவுக்கு என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். மீத்தேனுக்கு அளவு வைத்த அலாரம் என்றால் அது வேறு, புதிதாக வாங்குவதே நல்லது.

பெருங்களத்தூர் புதியவர் | 7 ஜூன், காலை 10.15

மூன்று வருடம்!

ஐந்தாம்மாடி | 7 ஜூன், இரவு 9.30

இது எங்களுக்கும் பொருந்துகிறது, தலைகீழாக. சங்கத்தில் சேர்ந்து வாங்கிய அலாரங்கள் எல்லா வீட்டிலும் சிலிண்டருக்குப் பக்கத்தில், தரையோடு இருக்கின்றன. குழாய் வந்த மறுநாள் அவை வெறும் பொம்மை. மேலே கூரையிலிருந்து ஓர் அடிக்குள் மாட்ட வேண்டும், அங்கே மின் இணைப்பு எங்கள் வீட்டில் இல்லை. படிவம் கொண்டுவந்த இளைஞரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அலாரம் எங்கள் பொறுப்பு இல்லை சார்" என்றார். சரிதான், ஆனால் சொல்லவாவது சொல்லியிருக்கலாம்.

பரண் பற்றியும் கேட்க வேண்டும். எங்கள் சமையலறையில் மூன்று பக்கமும் பரண், கதவு போட்டது. கூரையோடு தங்கும் வாயு அதற்குள் புகுந்துவிட்டால்?

வால்வு | 8 ஜூன், காலை 7.05

பரண் கதவின் மேல் ஓரத்தில் துளை போடச் சொல்லுங்கள். ஜிப்சம் பலகையால் போலிக் கூரை போட்ட சமையலறை இன்னும் மோசம், அதற்கு மேலே இருக்கும் வெற்றிடம் யார் கண்ணிலும் படாது. அதற்குள் மின்கம்பி வேறு ஓடும். போலிக் கூரையை எடுக்கச் சொன்னால் வீட்டுக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள். குறைந்தபட்சம் அதற்குள் கேஸ் குழாய் ஓடக் கூடாது.

குழாய் கேஸ் வீட்டில் இருக்கும் ஒரு வசதியைச் சொல்லிவிடுகிறேன், யாரும் பயன்படுத்துவதில்லை. மீட்டரே கசிவு காட்டும் கருவி. படுக்கப் போகும்போது அடுப்பின் குமிழ்களை எல்லாம் மூடிவிட்டு, டியூபுக்கு முன்னால் இருக்கும் வால்வைத் திறந்தே வைத்து, மீட்டரின் சிவப்பு இலக்கங்களை ஒரு படம் எடுங்கள். காலையில் அடுப்பு பற்ற வைக்கும் முன் இன்னொரு படம். கடைசி இலக்கம் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. பிறகு வால்வை மூடி இன்னொரு இரவு பாருங்கள். நின்றுவிட்டால் கசிவு டியூபிலோ அடுப்பிலோ. அப்போதும் நகர்ந்தால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே, நீங்கள் தொட வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். மிக மெல்லிய கசிவு மீட்டரை நகர்த்தாது என்பதால் அதற்குச் சோப்பு நுரைதான். சோதனை செய்யும் நாள் தவிர மற்ற இரவுகளில் வால்வை மூடிவிட்டுப் படுங்கள்.

சிலிண்டர் வீட்டில் இப்படி ஒரு முள் கிடையாது. மூக்கும் சோப்பு நுரையும் மட்டும்தான்.

மாட்டுங்கா | 8 ஜூன், காலை 8.00

மூக்கு என்று சொன்னதால்: வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அதை நம்ப வேண்டாம். என் தகப்பனாருக்கு மணம் தெரியாமல் போய்ப் பல வருடம் ஆகிறது. முட்டை அழுகிய மாதிரி நாறும், உடனே தெரிந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

காற்றுவாக்கில் | 8 ஜூன், காலை 8.40

மணம் வந்ததும் எக்ஸாஸ்ட் பேனைப் போட்டுவிட வேண்டும். குழாய் கேஸ் என்றால் இரண்டு நிமிடத்தில் இழுத்துவிடும்.

வால்வு | 8 ஜூன், காலை 8.43

வேண்டாம்! சுவிட்சைத் தொடவே வேண்டாம், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். குழாய் கேஸ் போய்ச் சேரும் இடத்திலேயே அந்த மோட்டார் இருக்கிறது. வால்வை மூடு, ஜன்னலைத் திற, வெளியே போய்ப் போன் செய். அவ்வளவுதான்.

காற்றுவாக்கில் | 8 ஜூன், காலை 9.10

அப்படியென்றால் ஓட்டை மட்டும் போதும், பேன் வேண்டாம் என்கிறீர்கள்.

வால்வு | 8 ஜூன், காலை 9.20

சமையல் புகைக்குப் பேன். கசிவுக்கு ஓட்டை.

சமையற்கட்டு | 8 ஜூன், மாலை 4.30

குழாய் வந்த பிறகு ஒரு சிலிண்டரையும் பால்கனியில் வைத்துக்கொள்ளலாமா? தீபாவளி நேரத்தில் ஏதாவது பழுது என்றால் என்ன செய்வது?

வால்வு | 8 ஜூன், மாலை 6.15

இரண்டு அடுப்பு, இரண்டு ஜெட், மேலே ஒரு அலாரம், கீழே ஒரு அலாரம் வேண்டியிருக்கும். நான் வைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மின் அடுப்பு வாங்கிக்கொள்வேன்.

மாட்டுங்கா | 8 ஜூன், மாலை 6.50

நான் வைத்துக்கொள்வேன், அதாவது விதி இடம் கொடுத்தால். ஐந்து கிலோச் சிலிண்டர், பால்கனியில், நிமிர்த்தி. 20 பேர் சாப்பிடும் நாளில் மின் அடுப்பு எதற்கு ஆகும்?

ஐந்தாம்மாடி | 8 ஜூன், இரவு 11.20

கூட்டம் முடிந்தது. 24 வீட்டில் 17 வீடு சம்மதம். இணைப்பு கொடுக்க வருபவர்களிடம் ஜெட் மாற்றிவிட்டு எங்கள் கண் முன்னால் சுவாலையைக் காட்ட வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதியாகிவிட்டது. அலாரத்தை மேலே மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதில் சண்டை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். போலிக் கூரை வீடுகள் நான்கு. அவர்களில் ஒருவர்தான் சங்கத் தலைவர், அதனால் அந்தப் பேச்சு எழவே இல்லை. மாறாத ஏழு வீட்டில் சிலிண்டரும் மற்ற வீடுகளில் குழாயும் என்று ஒரே கட்டடத்தில் இரண்டும் இருக்கப்போகின்றன. மாடிப்படியின் அடியில் உள்ள மின் மீட்டர் அறையில் அலாரம் வைத்தால் மேலேயா, கீழேயா?

வால்வு | 9 ஜூன், காலை 6.30

படியடிக்கு எந்தக் கேஸ் வர வாய்ப்பு அதிகம் என்று பார்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் சிலிண்டர் வைத்த வீடு இருந்தால் கீழே. குழாய் ஏறும் இடம் அந்த அறைக்குப் பக்கத்தில் என்றால் மேலே. இரண்டும் இருந்தால் இரண்டு. கட்டட வரைபடத்தையும் படியடியின் படத்தையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.